ஸ்கேனர் எதுவும் காட்டாவிட்டால் இணைப்பு பாதுகாப்பானதா?

பரவும் செய்தி: “சந்தேகமான லிங்கை VirusTotal-இல் போடுங்கள். ஒன்றும் காட்டவில்லை, குரோமும் எச்சரிக்கவில்லை என்றால் தைரியமாகத் திறக்கலாம்.”

இது தவறு. குரோமின் சிவப்பு எச்சரிக்கைத் திரை பெரும்பாலும் ஏற்கெனவே தீங்கானவை எனக் கண்டறியப்பட்ட முகவரிகளின் பட்டியலைச் சார்ந்தது. தீங்கான தளங்கள் சராசரியாக 10 நிமிடங்களுக்கும் குறைவாகவே உயிரோடு இருக்கின்றன என்று கூகுளே 2024 மார்ச் அறிவிப்பில் கூறியுள்ளது. அதை எவரும் படித்துப் பார்க்கலாம். பட்டியலில் சேரும் முன்பே அப்படியொரு தளம் தன் வேலையை முடித்துவிடலாம். ஆகவே எச்சரிக்கை வந்தால் அதை நம்பி விலகுங்கள். வராததை நற்சான்றாகக் கொள்ளாதீர்கள்.

VirusTotal என்ற இணையதளம், ஓர் இணைப்பைப் பற்றிப் பல பாதுகாப்பு நிறுவனங்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்துத் தருகிறது. காலையில் யாரோ சோதித்த முகவரியை நீங்கள் மாலையில் தேடினால் அந்தப் பழைய முடிவே தெரியக்கூடும் என்பதால், ஆய்வு நடந்த தேதியைப் பார்த்து Reanalyze பொத்தானை அழுத்துங்கள். அப்போதும் ஓர் இடைவெளி உண்டு: சில மோசடிப் பக்கங்கள் ஸ்கேனரின் சர்வருக்கு வெற்றுப் பக்கத்தையும், கைப்பேசியில் வருபவருக்குப் போலி உள்நுழைவுப் பக்கத்தையும் காட்டுகின்றன. கடவுச்சொல் மாற்றும் இணைப்பை அங்கே இடவே வேண்டாம், இட்ட முகவரியைப் பிறரும் காண முடியும்.

அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள். கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்கும் இணைப்பு வந்தால், அதைத் தொடாமல் அந்த நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே சென்று பாருங்கள்.