18 பிரேமுக்காக ஒரு முழுப் பாட்டையே குலைப்பதா?

பிரீமியர் மென்பொருளில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற எவரிடமும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முடித்து வைத்த டைம்லைனை ஒரு சின்னத் திருத்தத்துக்காக இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கி ஓடவிட்டதும் வயிறு பற்றி எரியும் அந்த நிமிடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பாட்டின் தாளத்துக்குக் கட் செய்து முடித்த கல்யாண வீடியோ அது. வாடிக்கையாளர் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணின் அம்மா கண் துடைக்கிற ஷாட் சற்று முன்னதாகத் தொடங்குகிறது, கை கண்ணருகே வரும்போது தொடங்கினால் நன்றாக இருக்கும் என்றார்கள். நொடிக்கு 25 பிரேம் ஓடுகிற டைம்லைனில் அது வெறும் 18 பிரேம் வேலை. ஷாட் இருக்கும் இடம் மாறக் கூடாது, நீளம் மாறக் கூடாது, உள்ளே தெரிகிற காட்சி மட்டும் 18 பிரேம் தள்ளித் தொடங்க வேண்டும். ஸ்லிப் கருவி இதற்காகவே இருக்கிறது. Y விசையை அழுத்தி, கிளிப்பைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தால் பின்னால் வரும் காட்சி உள்ளே வரும். முதல் பிரேமும் கடைசி பிரேமும் மானிட்டரில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பக்கத்து ஷாட் எதுவும் அசையாது.

இந்தத் திருத்தத்தைச் செய்யச் சொல்லிக் கொடுத்த உதவியாளர் அழுத்தியதோ B. ரிப்பிள் கருவியால் ஷாட்டின் தலையில் 18 பிரேமை நறுக்கினார். அதற்குப் பின்னால் இருந்த அத்தனை ஷாட்டும் 18 பிரேம் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டன. பாட்டு டிராக் பூட்டியிருந்ததால் பாட்டு நகரவில்லை. திரையில் ஆட்களின் பெயரைக் காட்டும் எழுத்துகள் இருந்த டிராக்கில், மற்ற டிராக்கோடு சேர்ந்து நகர வைக்கிற சிங்க் லாக் அணைந்திருந்ததால் அவையும் நகரவில்லை. விளைவு, தாலி கட்டும் ஷாட் கெட்டிமேளத்துக்கு முக்கால் நொடி முன்பே வந்து நின்றது. மாமாவின் பெயர் சித்தப்பாவின் முகத்தில் ஏறியது. திரையில் எச்சரிக்கை வந்ததா என்றால் வரவில்லை. கிளிப்பின் மேல் சிவப்பாக எண் காட்டுவதெல்லாம் ஒன்றோடொன்று இணைத்த படமும் ஒலியும் பிரிந்தால்தான். தனியாகப் போட்ட பாட்டுக்கும் பெயருக்கும் அந்தக் காவல் கிடையாது. ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால்தான் கட் தாளத்தில் விழவில்லை என்பது பிடிபடும்.

அப்போதாவது நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். அதே ஷாட்டின் வாலைப் பிடித்து ரிப்பிளாலேயே 18 பிரேம் நீட்டியிருந்தால் பின்னால் இருந்த எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். அதைச் செய்யாமல், கண்ணில் பட்ட ஷாட்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி, நடுவே கறுப்பு இடைவெளிகளை உண்டாக்கி, சேமித்தும் விட்டார். எது எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கே இல்லாத டைம்லைனை எந்தக் கருவியும் ஒரே இழுப்பில் மீட்காது.

ரிப்பிள் கெட்ட கருவி என்று நான் சொல்லவில்லை. ஒரு பேட்டியை முதன்முதலாக அடுக்கும்போது, பாட்டும் பெயரும் ஏறாத நிலையில், இருமலையும் மௌனத்தையும் நறுக்கித் தள்ள அதைப் போல வேகமானது வேறில்லை. தாளத்துக்குக் கட் செய்து, மேலே நான்கைந்து டிராக் ஏறிய பிறகு அதைத் தொடுவதற்கு என்ன அவசியம்? கட் 6 பிரேம் தாமதமாக விழுகிறதா, N அழுத்தி ரோல் செய்யுங்கள். இடது ஷாட் 6 பிரேம் குறையும், வலது ஷாட் 6 பிரேம் கூடும், மொத்த நீளம் அப்படியே நிற்கும். மாலை மாற்றும் ஷாட்டே அடுத்த தாளத்துக்குப் போக வேண்டுமா, U அழுத்தி ஸ்லைடு செய்யுங்கள். அது உள்ளே மாறாமல் நகரும், இரு பக்கத்து ஷாட்களும் நீண்டும் குறுகியும் இடம் கொடுக்கும். அந்த ஷாட் மேல் டிராக்கில் தனியாக இருந்தால் ஸ்லைடுகூட வேண்டாம், சும்மா இழுத்தாலே போதும். பயிற்சி வகுப்புகளில் B ஒன்றை மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள், மற்ற மூன்றின் பெயர்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இன்னொரு கொதிப்பும் உண்டு. ஸ்லிப், ரோல், ஸ்லைடு மூன்றும் பிழைப்பது கட்டுக்கு அப்பால் மிச்சம் இருக்கிற காட்சியில்தான். 18 பிரேம் ஸ்லிப் செய்ய, ஷாட்டின் கடைசிக்குப் பிறகு 18 பிரேம் படம்பிடித்திருக்க வேண்டும். அம்மா கண்ணைத் துடைத்து முடித்த கணத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்துகிற கேமராக்காரரிடம் எத்தனை முறை கெஞ்சுவது? நிறுத்துவதற்கு முன் இரண்டே நொடி கையை எடுக்காமல் இருங்கள்.