துறைமுக கிரேனுக்கு ஸ்லைஸ் போதுமா?

துறைமுகத்துக்கென்று தனி மொபைல் நெட்வொர்க் எதற்கு, பொது 5ஜியில் ஒரு ஸ்லைஸ் வாங்கிக்கொண்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கிரேனைத் தொலைவிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் பெரும்பாலும் போதாது என்பேன்.

ஸ்லைசிங், அதாவது ஒரே நெட்வொர்க்கைப் பல பங்குகளாகப் பிரிப்பது, ஒரே வயலில் வரப்பு கட்டிப் பாத்தி பிரிப்பது போன்றது. ஒரே டவர், ஒரே அலைக்கற்றை. சிம் எந்த ஸ்லைஸைச் சேர்ந்தது என்று பார்த்து, அதற்குரிய முன்னுரிமையை நெட்வொர்க் தருகிறது. ஆனால் வரப்பு கட்டியதால் கிணற்றில் நீர் கூடிவிடாது.

இந்த ஏற்பாடு சில வேலைகளுக்கு அருமையாகப் பொருந்தும். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் 2018இல் தொடங்கிய சோதனையில், போக்குவரத்து விளக்குகளையும் கப்பல்களில் பொருத்திய சென்சார்களையும் ஒரே நெட்வொர்க்கின் வெவ்வேறு ஸ்லைஸ்களில் இயக்கினார்கள். அவை அனுப்பும் தரவு கொஞ்சம்தான். தவறாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

கிரேனின் கதை வேறு. ஓட்டுபவர் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தபடி கன்டெய்னரைத் தூக்குகிறார். ஒரு கிரேனில் பத்து கேமராக்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிரேன்களுக்கு 200 மெகாபிட். இவ்வளவும் கிரேனிலிருந்து டவருக்குப் போக வேண்டிய தரவேற்றம். பொது 5ஜியோ தரவிறக்கத்துக்காக அமைக்கப்பட்டது. இரு திசைகளுக்கும் ஒரே அலைக்கற்றைதான், நேரத்தைத் துண்டாக்கி மாறி மாறித் தருகிறார்கள். பரவலாக உள்ள ஓர் அமைப்பில், ஐந்து நேரத்துண்டுகளில் மூன்று தரவிறக்கத்துக்கு, ஒன்று திசை மாறுவதற்கு, ஒன்றே ஒன்றுதான் தரவேற்றத்துக்கு. இந்த விகிதத்தை எந்த ஸ்லைஸாலும் மாற்ற முடியாது. டவரின் எல்லாப் பயனர்களுக்கும் அது பொது. பக்கத்து டவர்களோடும் அது ஒத்துப்போக வேண்டும்.

தனி நெட்வொர்க்கின் உண்மையான பலம் இங்கேதான். ஜெர்மனியில் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்கென உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம். அப்போது தரவேற்றத்துக்குக் கூடுதல் துண்டுகளை ஒதுக்க வழி பிறக்கிறது. அதுவும் தன்னிச்சையாக அல்ல: அருகிலுள்ள நெட்வொர்க் வேறு தாளத்தில் இயங்கினால் குறுக்கீடு வரும், முன்கூட்டியே பேசி ஒத்திசைக்க வேண்டும்.

தனி நெட்வொர்க் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கன்டெய்னர் அடுக்குகள் இரும்புச் சுவர்கள். நேற்று சிக்னல் நன்றாகக் கிடைத்த இடத்தில் இன்று ஐந்தடுக்கு நிற்கும். ஆன்டெனா வைக்கும் இடத்தை யார்டு நிரம்பி நிற்கும் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, சராசரித் தாமதத்தைக் காட்டி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். கிரேனுக்கு வரவேண்டிய பாதுகாப்புச் செய்தி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அது தானாகவே நின்றுவிடும், அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு செய்தி தாமதமானால் சராசரியில் அது தெரியவே தெரியாது, கிரேன் மட்டும் காரணமில்லாமல் நிற்பதுபோல் தோன்றும். எனவே எல்லாக் கேமராக்களையும் ஓடவிட்டு, கிரேன்களை நகர்த்திக்கொண்டே, மிக மோசமான தாமதம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.