ஒரு சதவீத முன்னேற்றத்தை எப்போது நம்பலாம்?

பழைய செயற்கை நுண்ணறிவு மாடலின் துல்லியம் 90%, புதியதன் துல்லியம் 91%, சோதனைத் தொகுப்பில் 1,000 கேள்விகள் என்று ஓர் அட்டவணை சொன்னால், அதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. அந்த 1,000 கேள்விகள் ஒரு மாதிரி மட்டுமே. வேறு 1,000 கேள்விகளை எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை அளப்பதுதான் திட்டப்பிழை. துல்லியம் p, கேள்விகள் n என்றால் அது √(p(1−p)/n). இங்கே 0.0095, அதாவது ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி. 95% நம்பிக்கை இடைவெளி இருபுறமும் இதைப்போல் இருமடங்கு விரியும் என்பதால், பழைய மாடலின் உண்மைத் துல்லியம் 88-க்கும் 92-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆனால் இரு மாடல்களின் இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, ஆகவே வேறுபாடு இல்லை என்று தீர்ப்பெழுதுவதும் அவசரமே. இரண்டும் அதே கேள்விகளுக்குத்தான் விடையளித்தன. இரண்டும் சரியாகச் சொன்னவையும் இரண்டும் தவறவிட்டவையும் எந்த மாடல் மேல் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் சொன்ன கேள்விகளே சாட்சி. புதியது மட்டும் சரியாகச் சொன்னவை 30, பழையது மட்டும் சரியாகச் சொன்னவை 20 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10, தற்செயலாகவே வரக்கூடிய ஊசலாட்டம் √50, சுமார் 7. விகிதம் 1.4 மட்டுமே, 95% நம்பிக்கைக்கு வழக்கமான எல்லையான 1.96-ஐ அது தொடவில்லை. அதே 10 வித்தியாசம் 12-க்கு 2 என்று வந்திருந்தால் விகிதம் 2.7 ஆகி, முன்னேற்றத்தை நம்ப இடம் கிடைக்கும். மெக்நிமர் சோதனையின் சாரம் இவ்வளவே. அட்டவணையில் இரண்டு நிலைமைகளும் 90, 91 என்றே தெரியும். ஆகவே துல்லியத்தோடு இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் வெளியிடாத ஒப்பீட்டை அரைகுறை என்றே கருதுகிறேன்.

அப்படியானால் எத்தனை கேள்விகள் வேண்டும்? இரு மாடல்களும் 5% கேள்விகளில் முரண்பட்டு, உண்மையான முன்னேற்றம் ஒரு புள்ளியாக இருந்தால், அதை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்கச் சுமார் 3,900 கேள்விகள் தேவை. அரைப் புள்ளி என்றால், முரண்பாடு அதே அளவில் இருக்கும்போது, நான்கு மடங்காகி 15,700 வரை போகும். ஒரே தொகுப்பைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு மாடலையும் தனித்தனித் தொகுப்பில் சோதித்தால், ஒரு புள்ளிக்கே தலா 13,500 வேண்டியிருக்கும். நிரல் எழுதும் திறனை அளக்கப் பெரிதும் பயன்பட்ட ஹியூமன்இவால் தொகுப்பில் இருப்பவை 164 கணக்குகள். 70% அளவில் அதன் திட்டப்பிழையே 3.6 புள்ளி. அதில் இரண்டு புள்ளி ஏறியதைக் கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுச் சிரிப்புதான் வருகிறது.

இந்தக் கணக்கு முழுவதும் கேள்விகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. ஐம்பது ஆவணங்களிலிருந்து இருபது இருபதாக எடுத்த 1,000 கேள்விகளில், ஓர் ஆவணம் கடினமாக இருந்தால் அதன் இருபது கேள்விகளும் சேர்ந்தே தவறக்கூடும். அப்போது சூத்திரம் காட்டும் திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியது. தனித்தனிக் கேள்விகளை அல்லாமல் ஆவணங்களை அலகாகக் கொண்டு, அவற்றிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து, துல்லியம் எவ்வளவு ஊசலாடுகிறது என்று பார்த்து அதைக் கணக்கிட வேண்டும்.