வெற்றிக் கவிதைக்குள் ஆட்டம் எங்கே?

எங்கள் குன்னூர்ப் பெண்பிள்ளைகள் நீலகிரி மாவட்ட ஹாக்கி சாம்பியன் ஆகிவிட்டார்கள். அரையிறுதியைத் தாண்டுவார்கள் என்றே ஊரில் யாரும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. வாழ்த்துக் கவிதையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி மேடைகளில் சிங்கம், இமயம், சரித்திரம் என்று அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். அதையே கபடி அணிக்கும் வாசிக்கலாம், பத்தாம் வகுப்பில் முதலிடம் பிடித்த பிள்ளைக்கும் வாசிக்கலாம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் கவிதைக்குள் இருக்க வேண்டும்.

அதனால் இறுதிப் போட்டியின் கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். 1-0 என்று நாம் முன்னிலை. நேரம் முடிகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். மணி அடித்தாலும் அந்தக் கார்னர் முடியும்வரை ஆட்டம் முடியாது என்பது விதி. கோல்கீப்பரோடு சேர்த்து நம்மில் ஐந்து பேர்தான் பின்கோட்டில் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பின்கோட்டிலிருந்து எதிரணி தள்ளிவிடும் பந்து, கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்ட டி-யை விட்டு வெளியே போன பிறகுதான் கோலுக்கு அடிக்க முடியும்.

செயற்கைப் புல் விரித்த டர்ஃப் என்றால் அந்தப் பந்து சர்ரென்று போயிருக்கும். நம்முடையது மழையில் ஊறிய புல்தரை, பந்து மெதுவாகத்தான் போனது. எதிரணியில் பந்தை நிறுத்த வேண்டியவளும் தடுமாறினாள். அந்த அரை நொடி போதும், முதலில் ஓடிய நம் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள். டி-க்கு வெளியே ஐந்து மீட்டருக்கு மேல் பந்து போய்விட்டால் கார்னர் முடிந்தது, ஆட்டமும் முடிந்தது.

மணி அடித்தது, ஆட்டம் முடியவில்லை!
மழையில் ஊறிய மைதானம்,
மஞ்சு இறங்கும் மாலை.
கோட்டின் மேலே ஐவர்,
குனிந்து நின்றாள் கோல்கீப்பர்.
பின்கோட்டில் இருந்து பந்து வந்தது,
புல்லில் சிக்கிப் பொறுத்து வந்தது.
நிறுத்தி அடிக்க நினைத்தார் அவர்கள்,
நில்லாமல் பாய்ந்தாள் நம் பிள்ளை!
தட்டிய தட்டில்
தாண்டியது பந்து டி-யை!
விசில்!
வென்றது யார்?
குன்னூர்!

அடி ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வாசிக்கிற அளவுதான். மைக்கில் நீளமான அடி வந்தால் பாதியில் குரல் இறங்கிவிடும். எதுகைக்காக ரொம்ப மெனக்கெடவில்லை. மேடையில் கேட்கிறவர் காதை முதல் எழுத்து ஒத்துவருகிற மோனைதான் சட்டென்று பிடிக்கிறது.

வீராங்கனைகள் பெயரைக் கவிதைக்குள் சேர்க்கவில்லை. பதினெட்டுப் பேரையும் திணித்தால் சந்தம் கெட்டுவிடும், ஒருத்தியை விட்டாலும் அவள் வீட்டார் மனம் நோகும். சால்வை போடும்போது பயிற்சியாளரே ஒவ்வொருவராகக் கூப்பிடட்டும்.

வாசிக்கப் போகும் தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன்: "விசில்" என்றதும் இரண்டு நொடி நிறுத்து. "வென்றது யார்?" என்று கேட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பு. கடைசிச் சொல்லை ஊர் சொல்லட்டும்.