காலிகோவுக்குப் பெயர் தந்தது கல்கத்தா அல்ல

"காலிகோ துணி கல்கத்தாவில் பிறந்தது, மஸ்லின் மசூலிப்பட்டினத்தில் பிறந்தது. பெயரே சாட்சி!"

இரண்டுமே தவறு. காலிகோவுக்குப் பெயர் தந்தது கள்ளிக்கோட்டை, அதாவது இன்றைய கோழிக்கோடு. 1498-இல் வாஸ்கோடகாமா வந்து சேர்ந்த அதே துறைமுகம். காலத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்: 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனி கல்கத்தாவில் குடியேறியதோ 1690-இல்தான்.

சரி, அந்தத் துணியெல்லாம் கள்ளிக்கோட்டையிலேயே நெய்ததா? அதுவும் இல்லை. குஜராத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்த பருத்தித் துணியையும் ஐரோப்பியர் காலிகோ என்றே அழைத்தார்கள். நெசவாளியின் ஊர் வாங்குபவருக்குத் தெரியாது, சரக்கோடு வந்த துறைமுகப் பெயர்தான் தெரியும்.

மஸ்லின் இன்னும் விசித்திரம். பெயர் வந்தது இராக்கின் மோசூல் நகரத்திலிருந்து, இத்தாலி, பிரெஞ்சு மொழிகள் வழியாக. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'மொசுலின்' என்று குறித்தது பொன்னிழையும் பட்டும் கலந்த துணியை! மோதிரத்துக்குள் நுழையும் என்று புகழ்பெற்ற மெல்லிய மஸ்லின் டாக்காவின் பருத்தி. அதை நெய்தவர்கள் ஊரில் அதற்கு 'மல்மல்' என்று சொந்தப் பெயரே உண்டு.