திரிந்த சோயா காபிக்குக் கூடுதல் காசு கேட்காதீர்கள்

பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மதுரையில் ஒரு வாய் நல்ல காபி குடிப்பதற்குள் படுகிற பாட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. என் அம்மாவுக்குப் பால் செரிப்பதில்லை, டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். காபியை விடச் சொல்லவில்லை. சோயா பாலில் காபி கிடைக்கும் என்று போர்டு வைத்திருக்கிற கடைக்குக் கூட்டிப்போனால், வழக்கமான விலைக்கு மேல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதக்க, அடியில் கலங்கிய பழுப்புத் தண்ணீராக ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "திரிஞ்சிருக்கே தம்பி" என்றால், "சோயா பாலே அப்படித்தாம்மா, நல்லா ஆத்திக் குடிங்க" என்று பதில். ஆற்றினால் துணுக்கு இன்னும் பொடியாகும், அவ்வளவுதான். திரிந்தது திரிந்ததுதான்.

சோயா பால் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னது? அதே பாக்கெட், அதே டிக்காஷன், திரியாமல் கலக்க முடியும். எங்கள் வீட்டு அடுப்படியில் தினமும் நடக்கிறது. காசு வாங்கிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள என்ன கஷ்டம்?

நடப்பது இதுதான். வீட்டில் பனீர் செய்யும்போது சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதே வேலையைத்தான் இங்கே டிக்காஷன் செய்கிறது. புளிப்பை அளக்கிற எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். காபி புளிப்புள்ள பொருள், அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சோயா பால் கிட்டத்தட்ட 7. சோயாவின் புரதத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருப்பதால்தான் பால் பாலாக நிற்கிறது. புளிப்பு ஏற ஏற அந்தத் தள்ளும் சக்தி குறையும். பிஎச் 4.5-ஐ நெருங்கும்போது சுத்தமாகப் போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். சூடும் சேர்ந்தால் அந்த அளவுக்கு இறங்கும் முன்பே ஒட்டத் தொடங்கிவிடும். பசும்பாலில் புளிப்பைத் தாங்கிக்கொள்கிற பாஸ்பேட் உப்புகள் இயல்பாகவே இருக்கின்றன, அதன் புரதமும் கொதியைத் தாங்கும். அதனால்தான் பசும்பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டு டிக்காஷன் தலையில் ஊற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே சோயாவுக்குக் கொண்டுவருவதில்தான் எல்லாம் கெடுகிறது.

நம் ஊர்த் தெருவில் சாயங்காலம் விற்கிற பருத்திப்பாலைப் பாருங்கள். அதுவும் விதையிலிருந்து எடுத்த பால்தான். அண்டாவில் சூடாகவே கிடக்கிறது, திரிவதில்லை. அதில் காபிபோலப் புளிப்பை யாரும் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை, அரிசி மாவும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. செடிப்பால் என்றாலே சூட்டில் திரியும் என்று சொல்கிறவர்கள் அந்த வண்டியருகே ஐந்து நிமிஷம் நின்று பார்க்கட்டும்.

இன்னொரு கூத்து, "பால் கெட்டுப்போச்சு" என்று முழுப் பாக்கெட்டையும் தூக்கிக் கொட்டுவது. விலை தெரிந்து கொட்டுகிறார்களா? கெட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு கரண்டி பாலைத் தனியாகச் சூடு பண்ணினால் போதும். தனியாகவே திரிந்தால், அல்லது புளித்த வாடை அடித்தால், பால் போய்விட்டது. தனியாக நன்றாக இருந்து டிக்காஷனோடு மட்டும் திரிந்தால், தப்பு கலக்கிய விதத்தில். ஆனால் திறந்து பல நாள் ஃபிரிட்ஜில் கிடந்த பாக்கெட் ஏற்கெனவே கொஞ்சம் புளிப்பேறி இருக்கும். அது எப்படிக் கலக்கினாலும் சீக்கிரம் திரியும்.

இப்போது கலக்கும் முறை. ஒரு டம்ளருக்கு 150 மில்லி சோயா பால், 40 மில்லி டிக்காஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டை நன்றாகக் குலுக்கி, பாலைச் சிறு தீயில் வைக்க வேண்டும். ஆவி கிளம்பி, ஓரத்தில் பொடிக் குமிழ் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும், 60 டிகிரி போதும். விரல் நுனியை ஒரு கணம் வைத்து எடுக்கிற சூடு. கொதி வரக்கூடாது. டிக்காஷனை அடுப்பில் நேராக வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அப்புறம் முதலில் டம்ளரில் பால், அதில் டிக்காஷனை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கரண்டியால் கலக்குங்கள். இந்த வரிசைதான் முக்கியம். டிக்காஷன்மேல் பாலை ஊற்றினால், முதலில் விழுகிற பால் முழுப் புளிப்பில் போய் விழுந்து அந்த இடத்திலேயே திரிந்துவிடும், பின்னால் வருகிற பாலால் அதைக் கரைக்க முடியாது. பாலில் டிக்காஷன் விழுந்தால் ஒவ்வொரு சொட்டின் புளிப்பும் உடனே நீர்த்துப்போகும். கலந்த பிறகு அடுப்பில் ஏற்றிச் சூடாக்குகிற வேலையே வேண்டாம்.

டிக்காஷன் புதிதாக இறங்கியதாக இருக்கட்டும். காலையில் போட்டு மதியம்வரை சூட்டிலேயே வைத்திருந்ததில் புளிப்பு கூடிவிடும். தூள் அரைக்கும் கடையில் கொட்டையைக் கொஞ்சம் கருக்க வறுத்ததாகக் கேட்டு வாங்கினால் புளிப்பு குறையும், இளவறுவல் என்றால் ஆபத்துதான். இவ்வளவுக்கும் திரிந்தால் டிக்காஷனில் சமையல் சோடாவைத் துளியூண்டு, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மட்டும், போட்டுக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். கூடினால் சோப்பு ருசி வந்து காபியே பாழ்.

பாக்கெட்டுக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. முன்பக்கம் முழுக்கக் கால்சியம் சேர்த்தது என்று பெரிய எழுத்து. சோயா பாலை உறையவைத்து டோஃபு செய்யப் போடுகிற உப்புகளில் கால்சியம் உப்பும் ஒன்று! காபியின் புளிப்பு பட்டதும் அந்தக் கால்சியம் கரைந்து வெளியே வந்து, திரிவதற்குத் துணைபோகிறது. சூடான காபிக்கு இது ஒத்துவராமல் போகலாம் என்று பின்பக்கத்திலாவது ஒரு வரி அச்சடிக்கக் கூடாதா? காபியில் கலப்பதற்கென்றே பாரிஸ்டா என்று போட்டு வருகிற வகைகளில் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். பொருள் பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி, ஐஎன்எஸ் 340 என்று இருக்கும். பசும்பாலில் இயல்பாக இருக்கிற தாங்குசக்தியை இது கொடுக்கிறது. காபிக்கென்றே வாங்குகிறவர்கள் அந்த எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

பாதாம் பாலும் இதே காரணத்தால்தான் துணுக்காகும், அதே முறையில்தான் தப்பிக்கும். வீட்டில் அரைத்து வடிகட்டியது கடைப் பாக்கெட்டைவிடச் சீக்கிரம் பிரியும், அதில் சேர்மானம் எதுவும் இல்லை. ஓட்ஸ் பாலில் புரதம் குறைவு என்பதால் அவ்வளவாகத் திரியாது. ஆனால் வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலைச் சூடாக்கினால் மாவுச்சத்து வெந்து கொழகொழவென்று கஞ்சியாகும். கடைப் பாக்கெட்டில் அந்த மாவுச்சத்தை நொதி விட்டு உடைத்திருப்பார்கள், அதனால் காபிக்கு அதுதான் சரி.

கடைக்காரர்களே, போர்டில் சோயா காபி என்று எழுதிக் கூடுதல் காசு வாங்குகிறீர்கள். அப்படியானால் டம்ளரில் பாலை முதலில் ஊற்றுங்கள், கொதிக்கவிடாதீர்கள், மாஸ்டருக்கு இந்த இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். திரிந்து வந்தால் எங்கள் அம்மாவிடம் ஆற்றிக் குடிக்கச் சொல்லாமல், அதை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு காபி போட்டுக் கொடுங்கள்.