"சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று கூப்பிட்டால்

உச்சிப்புளியிலிருந்து தொண்டி வரைக்கும் கடலோர நிலத்துக்கு விலை ஏறியதிலிருந்து ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். பத்திரம் எழுதும் இடத்தில் உட்கார்ந்து பிழைப்பவன் என்பதால் கண்ணில் படுகிறது. அண்ணன் தம்பிகள் தோப்பை விலை பேசி அட்வான்ஸும் வாங்கிவிடுகிறார்கள். வாங்குகிறவரின் வக்கீல் "கூடப் பிறந்த பெண்கள் கையெழுத்து எங்கே?" என்று கேட்ட பிறகுதான் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு போன் போகிறது. "பதிவு ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போம்மா, சும்மா ஒரு கையெழுத்துதான்."

அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். "என் பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை" என்பதுதான் அதன் சாரம். பெண்களுக்குச் சட்டம் பங்கு கொடுக்கவில்லை என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். சட்டம் கொடுத்துவிட்டது. பெரும்பாலும் பறிபோவது இந்தக் கையெழுத்தில்தான்.

கணக்குக்கு ஒரு இந்துக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தென்னந்தோப்பும் பனங்காடுமாக 8 ஏக்கர். பாட்டனார் காலத்திலிருந்து வந்த நிலம். தாத்தா 1952-இல் இறந்தார், அப்பா கைக்கு வந்தது. அப்பா 1998-இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா இருக்கிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளுக்கு 1986-இல் கல்யாணம் ஆகிவிட்டது.

ஊரில் முதலில் சொல்வது, "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்பது. இது பழைய கதை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 9.9.2005 முதல் அமலான மத்திய அரசின் திருத்தத்தில் அந்த வேலி இல்லை. மகள் எப்போது கல்யாணம் செய்தாள் என்பதே இப்போது கேள்வி இல்லை.

அடுத்தது, "அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டாரே" என்பது. இதில் கோர்ட்டுகளுக்குள்ளேயே பல வருடம் குழப்பம் இருந்தது உண்மை. 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதைத் தீர்த்துவிட்டார்கள். உரிமை பிறப்பால் வருவது, ஆகவே 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

மூன்றாவதாகச் சொல்வதுதான் கொஞ்சம் கனமானது: "நாங்க அப்பவே பாகம் பிரிச்சாச்சு." 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, கோர்ட் டிகிரியோ இருந்தால் அதைத் தொட முடியாது. (நம் கடற்கரைக்காரர்கள் இந்தத் தேதியை மறக்கவே முடியாது. சுனாமிக்கு ஆறு நாள் முன்பு.) ஆனால் நாலு பெரியவர்களை வைத்துத் திண்ணையில் பேசிய வாய்ப் பாகத்தை நீதிமன்றம் லேசில் ஏற்காது. அந்தக் காலத்திலேயே தனித்தனிப் பட்டா ஆகி, தனித்தனியாகத் தீர்வை கட்டி, தனித்தனியாக அனுபவித்து வந்ததற்கு அரசு ஆவணம் இருந்தால் மட்டும் அபூர்வமாக எடுபடலாம். நேற்று எழுதிப் பழைய தேதி போட்ட வெள்ளைத்தாள் எடுபடாது.

நம் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை என்று வையுங்கள். அப்பா இறந்த நாளில் நிலத்தைப் பிரித்ததாகக் கற்பனையாக ஒரு கணக்குப் போடுவார்கள். அப்பா, இரண்டு மகன், ஒரு மகள் என்று நான்கு பேர். ஆளுக்கு 2 ஏக்கர். நம் பக்கத்து வழக்கப்படி இந்தப் பிரிவில் அம்மாவுக்குத் தனிப் பங்கு வராது. அப்புறம் அப்பாவின் 2 ஏக்கர் மட்டும் வாரிசுகளுக்குப் போகும்: அம்மா, இரண்டு மகன், மகள், ஆளுக்கு அரை ஏக்கர். ஆக மகளுக்கு இரண்டரை ஏக்கர், ஒவ்வொரு மகனுக்கும் இரண்டரை, அம்மாவுக்கு அரை. இந்த இரண்டரை ஏக்கரைத்தான் "சும்மா ஒரு கையெழுத்து" என்கிறார்கள்.

இங்கே பெண்கள் பக்கமும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 17.6.1956-இல் வந்தது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. அதில் மகனுக்கும் பிறப்புரிமை இல்லை, மகளுக்கும் இல்லை. அப்பா எதுவும் எழுதாமல் போனால் எல்லா வாரிசுக்கும் சமம். மேலே சொன்ன 8 ஏக்கர் அப்படிப்பட்டதாக இருந்தால் மகளுக்கு 2 ஏக்கர். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே மொத்தத்தையும் ஒரு மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் கேட்க வழியில்லை. பூர்வீகச் சொத்தில் அவர் உயில் எழுதக்கூடியது தன் பங்கான 2 ஏக்கரை மட்டும்தான். அதனால் முதலில் தாய்ப்பத்திரத்தைப் பார்க்க வேண்டும், யார் யாரிடமிருந்து எந்த வருடம் வாங்கினார்கள் என்று.

நம் கடற்கரையில் எல்லாரும் ஒரே சட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறப்பால் வரும் இந்தப் பூர்வீகப் பங்கு கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் தகப்பன் உயில் இல்லாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம்களில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி, ஆனால் அந்தப் பாதி அவளுக்கு நிச்சயம்.

சரி, போன் வந்துவிட்டது, என்ன செய்வது? நகை போட்டோம், சீர் செய்தோம் என்பார்கள். போட்டதை மறுக்க வேண்டாம், நன்றி சொல்லலாம். ஆனால் சீர் வாங்கியதால் பங்கு போய்விடாது. "எனக்கு வேண்டாம்ணே" என்று அழுதுகொண்டே வாயால் சொன்னதாலும் போகாது. பதிவு செய்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் போகும். போட்ட பிறகு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று ரத்து செய்யப் போவதென்றால், ஏமாற்று தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஏமாற்றியதை நிரூபிக்க வேண்டியதும் அந்தப் பெண்தான். பத்திரத்திலேயே "ரொக்கம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும். பணம் வாங்காமல் அதில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டா அண்ணன் பேரில் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அதுவே பாத்தியம் ஆகாது. வாரிசுச் சான்றில் மகள் பேரை விட்டு வாங்கியிருந்தாலும் பங்கு அழிவதில்லை. தாசில்தாரிடம் ஆட்சேபம் கொடுக்கலாம். 20.12.2004-க்குப் பிறகு அவளை விட்டுவிட்டு விற்றிருந்தால், விற்றவர்களின் பங்கு மட்டுமே வாங்கியவருக்குப் போயிருக்கும். ஆனால் சும்மா இருந்துவிடவும் கூடாது. "உனக்குப் பங்கே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து ஒதுக்கியது தெரிந்த பிறகு 12 வருடம் வாய்மூடி இருந்தால் காலாவதி என்ற வாதம் வரும்.

அண்ணன்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டார், தோப்புக்குத் தண்ணீர் கட்டினார் என்றால், மனசார விட்டுக்கொடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். இரண்டரை ஏக்கரில் ஒரு ஏக்கரை விட்டு ஒன்றரையை வைத்துக்கொள்ளவும் பத்திரம் எழுதலாம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கையெழுத்துக்குப் போகும் முன் tnreginet.gov.in-இல் சர்வே எண் போட்டு வில்லங்கம் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. பத்திர நகலை ஒரு நாள் முன்னதாக வீட்டுக்கு வாங்கி, அண்ணன் கூட்டி வராத ஒரு வக்கீலிடம் படிக்கக் கொடுங்கள். நகல் தர முடியாது, நாளைக்கே பதிவு என்று அவசரப்படுத்தினால், அன்றைக்குப் போகாதீர்கள்.